முன்னால் விடுவதா, ரிவர்ஸில் விடுவதா: தூணும் பக்கத்து வண்டியும் சொல்லும் கணக்கு

சென்னையில் சனிக்கிழமை மாலை எந்த மாலின் தரைக்கீழ் நிறுத்துமிடத்துக்குள் இறங்கினாலும் காட்சி ஒன்றுதான். இரண்டாம் தளத்தில் ஒருவர் வண்டியைக் கட்டத்துக்குள் பாதி நுழைத்துவிட்டு நிற்பார். பின்னால் ஐந்தாறு வண்டிகள் ஹாரன் அடிக்கும். விசிலோடு ஓடி வரும் காவலாளி, “ரைட்ல ஒடிங்க சார், ஃபுல்லா ஒடிங்க, வரட்டும், வரட்டும், ஹோல்டு” என்று வண்டியின் டிக்கியைத் தட்டுவார். அவர் பார்ப்பது பெரும்பாலும் பின்பக்க பம்பரை மட்டும்தான். பக்கவாட்டில் தூணுக்கும் கதவுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது ஓட்டுநரின் பொறுப்பாகவே மிஞ்சுகிறது. உரசல்களில் மிகுதியானவை பக்கவாட்டில்தான் ஏற்படுகின்றன. கார் டென்டிங் பட்டறைகளில் பின்கதவின் கீழ்ப்பகுதியில் நீளமாகக் கோடு விழுந்த வண்டிகளை எப்போதும் பார்க்கலாம்.

கட்டம் பாதைக்குச் சாய்வாக வரையப்பட்டிருந்தால் முன்பக்கமாக நுழைய வேண்டும். பாதைக்கு 90 டிகிரியில் நேராக இருந்தால் ரிவர்ஸில் நுழைவதே பெரும்பாலும் மேலானது. ஆனால் நேர்க் கட்டத்தின் ஓரத்தில் தூண் இருந்தால், இந்தப் பொதுவிதியைவிடத் தூண் எந்தப் பக்கம், எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

சாய்வுக் கட்டத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனெனில் அதில் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. 60 டிகிரி சாய்வில் வரைந்த கட்டங்கள் பெரும்பாலும் ஒருவழிப் பாதையின் ஓரத்தில்தான் அமையும். போகிற திசையிலேயே 60 டிகிரி திரும்பினால் வண்டி உள்ளே போய்விடுகிறது; நேர்க் கட்டத்தில் திரும்ப வேண்டிய 90 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதே கட்டத்தில் ரிவர்ஸில் நுழைய விரும்புகிறவர் 120 டிகிரி சுழற்ற வேண்டும்; அப்படிச் சுழற்றி நிறுத்தினாலும், வெளியே வரும்போது வண்டியின் முகம் ஒருவழிக்கு எதிர்த்திசையில் இருக்கும். ஆகவே சாய்வுக் கட்டத்தில் ரிவர்ஸ் என்பது திறமையைக் காட்டும் விஷயம் அல்ல, பிழை.

அப்படியானால் ஏன் எல்லா இடங்களிலும் சாய்வாகவே வரைவதில்லை என்று கேட்கலாம். இடம்தான் காரணம். 2.5 மீட்டர் அகலக் கட்டத்தை நேராக வரைந்தால் பாதையின் நீளத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் 2.5 மீட்டர் போதும். 60 டிகிரி சாய்த்தால் ஏறத்தாழ 2.9 மீட்டர் வேண்டும். 45 டிகிரி என்றால் 3.5 மீட்டர். நாற்பது மீட்டர் நீளச் சுவரில் நேராகப் பதினாறு வண்டி நிற்கும் இடத்தில் 60 டிகிரியில் பதின்மூன்றுதான் நிற்கும். சதுர அடிக்குக் கணக்குப் பார்த்துக் கட்டும் கட்டடத்தில் அந்த மூன்று வண்டி சிறிய இழப்பு அல்ல. பாதையின் அகலம் குறைவாக இருந்து, இருவழி விட முடியாத தளங்களில்தான் சாய்வு மிகுதியாகத் தென்படும்.

சாய்வுக் கட்டத்தில் பலர் கவனிக்காத வசதி ஒன்று உண்டு. 60 டிகிரியில் அடுத்தடுத்த வண்டிகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 1.4 மீட்டர் முன்பின்னாக நிற்கும். அதனால் உங்கள் ஓட்டுநர் கதவும் பக்கத்து வண்டியின் முன்கதவும் நேருக்கு நேர் வருவதில்லை. உங்கள் கதவு அவருடைய சக்கர வளைவையோ பின்கதவையோ பார்த்தபடி திறக்கும். கதவோடு கதவு மோதும் வாய்ப்பு குறைவு. குறை, வெளியேறும்போது தெரியும். பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும், அதுவும் போக்குவரத்து பின்னாலிருந்து வந்துகொண்டிருக்கும்போது. இந்தக் கட்டங்கள் பாதையின் இடப்பக்கம் இருந்தால், வரும் வண்டியை நீங்கள் இடது தோளுக்கு மேலாக, பின்பக்கச் சன்னல் இடுக்கு வழியாகத் தேட வேண்டும்; வலப்பக்கம் இருந்தால் ஓட்டுநர் அமர்ந்திருக்கும் பக்கத்திலேயே திரும்பிப் பார்க்கலாம். நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதால், இரண்டு வரிசையிலும் இடம் காலியாக இருந்தால் வலப்பக்க வரிசையைத் தேர்வதே சரி. நேர்க் கட்டத்துக்கும் இதே அறிவுரை பொருந்தும் என்பதைக் கீழே பார்ப்போம்.

இனி நேர்க் கட்டம். இங்கே முன்பக்கமாக நுழைவதற்கும் ரிவர்ஸில் நுழைவதற்கும் உள்ள வேறுபாடு பழக்கத்தைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அது சக்கரங்களின் வடிவக்கணக்கு. திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை, உள்வாங்கிப் போகிறது. ஸ்விஃப்ட் போன்ற வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர் தூரம். குறைந்தபட்சத் திருப்ப ஆரம் 4.8 மீட்டர். இந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்திருக்கும் நிலையில், உள்பக்கப் பின்சக்கரம் உள்பக்க முன்சக்கரத்தைவிட ஏறத்தாழ 90 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே ஓடுகிறது. இன்னோவா கிரிஸ்டா போன்ற நீளமான வண்டியில் இது ஒரு மீட்டரைத் தாண்டும்.

இந்த 90 சென்டிமீட்டர்தான் பின்கதவில் விழும் கோட்டின் காரணம். முன்பக்கமாக நுழைகிறவர் பம்பரின் மூலை தூணைத் தாண்டியதும் நிம்மதியடைகிறார். முன்சக்கரம் தாண்டுகிறது, முன்கதவு தாண்டுகிறது. ஆனால் ஸ்டீயரிங் இன்னும் ஒடித்தபடியே இருப்பதால் பின்பகுதி தூணை நோக்கி நெருங்கிக்கொண்டே வருகிறது. முடிவில் பின்கதவின் விளிம்பும் பின்சக்கர வளைவும் தூணில் படுகின்றன. பார்வையிலிருந்து தப்பிய பகுதிதான் கடைசியாகப் போய்ச் சேர்கிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: ஸ்டீயரிங்கைத் தொடாமல், வந்த அதே ஒடிப்பில், மெதுவாகப் பின்னே போவது. பதற்றத்தில் எதிர்ப்பக்கம் ஒடித்து முன்னே போகிறவர்கள்தான் பத்து சென்டிமீட்டர் கீறலை ஒரு மீட்டர் கீறலாக்குகிறார்கள்.

ரிவர்ஸில் இதே கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. இப்போது உள்வாங்கும் பின்சக்கரம் முதலில் கட்டத்துக்குள் போகிறது. திருப்பத்தின் மையத்துக்கு மிக அருகில் இருக்கும் புள்ளி உள்பக்கப் பின்சக்கரம்தான்; அது தூணைத் தாண்டிவிட்டால், அதே ஒடிப்பில் தொடரும்வரை வண்டியின் உள்பக்கத்தில் வேறெந்தப் பகுதியும் அந்தத் தூணில் பட முடியாது. ஆகவே பக்கக் கண்ணாடியில் கவனிக்க வேண்டிய புள்ளி ஒன்றே ஒன்று. ஆபத்து வேறோரிடத்துக்கு மாறுகிறது: வெளிப்பக்க முன் மூலை அகலமாகச் சுழலும், அது எதிர் வரிசையில் நிற்கும் வண்டியை நோக்கிப் போகும். ஆனால் அந்த மூலை ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னே இருக்கிறது. பின்கதவு அப்படி இல்லை.

இதனால்தான் பாதை குறுகலாக இருக்கும் தளத்தில் முன்பக்கமாக ஒரே முயற்சியில் நுழைய முடியாதவர்கள் ரிவர்ஸில் எளிதாக நுழைந்துவிடுகிறார்கள். வெளியேறும் கணக்கும் சேர்கிறது. முன்பக்கமாக நிறுத்தியவர் பின்னே வரும்போது, இரு பக்கமும் வண்டிகள் மறைக்க, தன் டிக்கி பாதையில் ஒரு மீட்டர் நீட்டிய பிறகே வருகிற வண்டியைப் பார்க்கிறார். அதோடு வால் வலப்பக்கம் திரும்பினால் முன் மூலை இடப்பக்கம் வீசும். பக்கத்து வண்டியின் பின்பகுதியைத் தன் முன் பம்பர் தாண்டுவதற்கு முன்பே ஸ்டீயரிங்கை ஒடித்தால் உரசல் நிச்சயம். ரிவர்ஸில் நிறுத்தியவர் வெளியே பார்த்துக்கொண்டே வருகிறார். அவர் நினைவில் வைக்க வேண்டியது, பாதி வண்டி வெளியே வரும்வரை ஒடிக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

வலப்பக்க வரிசை ஏன் என்பதற்கு இப்போது பதில் கிடைக்கிறது. கட்டம் பாதையின் வலப்பக்கம் இருந்தால், கட்டத்தைத் தாண்டிப் போய் வலப்பக்கம் ஒடித்துப் பின்னே வருவீர்கள். உள்பக்கம் என்பது ஓட்டுநரின் பக்கம். வலக் கண்ணாடி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. போதாவிட்டால் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிப் பின்சக்கரத்தையே பார்க்கலாம். இடப்பக்கக் கட்டத்துக்கு ரிவர்ஸில் போகும்போது உள்பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி, நம் கண்ணுக்கு எதிர்ப்புறம். இதுவும் முடியாததல்ல, ஆனால் மாதத்தில் ஒரு முறை மாலுக்குப் போகிறவர் அந்தச் சோதனையை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதுவரை சொன்னது வண்டியை உள்ளே கொண்டுபோவதைப் பற்றி. உள்ளே போன பிறகு இறங்க வேண்டும் என்பதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

2.5 மீட்டர் கட்டத்தில் 1.79 மீட்டர் அகலமுள்ள க்ரெட்டா நடுவில் நின்றால் இரு பக்கமும் 35 சென்டிமீட்டர் மிஞ்சும். பக்கத்தில் அதே போன்ற இன்னொரு வண்டி நடுவில் நின்றால் இரண்டுக்கும் இடையே 70 சென்டிமீட்டர். ஒல்லியானவர் எளிதாகவும், சற்றுப் பருமனானவர் பக்கவாட்டிலும் இறங்கலாம். வண்டியின் அகலமாகக் காகிதத்தில் தரப்படும் எண்ணில் பக்கக் கண்ணாடிகள் சேராது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டும் மடக்கப்படாவிட்டால் இந்த 70 சென்டிமீட்டரில் கணிசமான பகுதியை அவையே தின்றுவிடும். மடக்கிவிடுவது பக்கத்துக்காரருக்கான மரியாதை மட்டுமல்ல. உடைந்த கண்ணாடியின் விலையை விசாரித்தவர்களுக்கு அது சுயநலமும்கூட.

அந்த 70 சென்டிமீட்டரை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லோரும் ஒரே திசையில் நிறுத்தியிருந்தால், ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு வண்டியின் ஓட்டுநர் கதவும் மற்றதன் இடப்பக்கக் கதவும் வரும். ஒருவர் மட்டும் திசை மாற்றி நிறுத்தினால், அவருடைய ஒரு பக்கத்தில் இரண்டு ஓட்டுநர் கதவுகள் ஒரே இடைவெளியில் சேரும். மறுபக்கத்தில் இரண்டு இடப்பக்கக் கதவுகள் சேரும். இரண்டு ஓட்டுநர்கள் ஒரே நேரத்தில் இறங்குவது அரிது என்பதால் முதலாவதில் பெரிய சண்டை வராது, ஆனால் அங்கே இடைவெளி குறையக் கூடாது. இரண்டாவதில், இரு வண்டியிலும் ஆள் இல்லை என்றால், 30 சென்டிமீட்டர் இருந்தாலும் போதும். தனியாக வந்தவர் அந்தப் பக்கம் ஒட்டி நிறுத்தி, தன் கதவின் பக்கம் இடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கதவில் குழி விழுவது பெரும்பாலும் ஓட்டுநர்களால் அல்ல, பின் இருக்கைக் குழந்தைகளால். பக்கத்து வண்டியின் பின்கண்ணாடியில் கார்ட்டூன் போட்ட வெயில் மறைப்பு ஒட்டியிருக்கிறதா, உள்ளே குழந்தை இருக்கை இருக்கிறதா என்று ஒரு நொடி பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். அதேபோல், பக்கத்து வண்டி கோட்டை மிதித்து நின்றால் அதற்கேற்ப நாமும் தள்ளி நிறுத்துவது தவறான முடிவு. அந்த வண்டி அரைமணியில் போய்விடும். பிறகு வருகிறவர் கோட்டைப் பார்த்து நிறுத்துவார். அப்போது கோட்டை மிதித்து நிற்பவர் நாமாக இருப்போம். பக்கத்து வண்டி மாறும். இடம் மாறாதது தூண் மட்டும்தான்.

ஆகவே தூணை எதிரியாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து நம்மை இடிக்காத ஒரே அண்டைவீட்டாராகப் பார்க்கலாம். தூண்களுக்கு இடையே மூன்று கட்டங்கள் வரைந்திருக்கும் தளத்தில் நடுக்கட்டத்துக்கு இரு பக்கமும் வண்டிகள். ஓரக் கட்டங்கள் இரண்டுக்கும் ஒரு பக்கம் தூண். நுழையத் தெரிந்தவருக்கு ஓரக் கட்டமே மேல். நுழையத் தயங்குகிறவருக்கு நடுக்கட்டம் மேல், ஏனெனில் பக்கத்து வண்டியின் பெயின்ட்டைவிடத் தூண் கடினமானது, அதன் மூலைகளில் பாதுகாப்புக்காகப் பொருத்திய ரப்பர் பட்டை பாதிக்கு மேல் கிழிந்திருக்கும்.

ஓரக் கட்டத்தைத் தேர்ந்தால், தூண் பாதையின் கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கதவு கீலில் சுழல்கிறது. கீல் முன்னால், கைப்பிடி பின்னால். கீலுக்கு அருகே தூண் நின்றால் கதவு திறக்க அது தடையே அல்ல, ஏனெனில் கீலின் ஓரத்தில் கதவு வெளியே வருவது சில சென்டிமீட்டர்தான். கைப்பிடி முனையில் தூண் நின்றால், ஒரு விரிசலைத் தவிர வேறெதுவும் திறக்காது. இறங்குகிறவரின் கதவுக் கீலும் அதற்கு முன்னுள்ள பகுதியும் தூணோடு ஒட்டலாம், கைப்பிடி ஒட்டக் கூடாது. இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

ஒரு நிகழ்வை அளவோடு சொல்கிறேன். முழங்கால் வலியுள்ள என் அம்மாவை அழைத்துக்கொண்டு ஓரிடத்துக்குப் போயிருந்தேன். லிஃப்ட் வாசலில் நிறுத்தி இறக்கிவிட, பின்னால் வந்த வண்டிகள் விடவில்லை. கிடைத்தது பாதையின் வலப்பக்கம் ஒரு கட்டம். நாம் போகும் திசையில் பார்த்தால் அதன் அப்பால் உள்ள ஓரத்தில் தூண். கோடு 2.5 மீட்டர் இடைவெளியில்தான் வரையப்பட்டிருந்தது, ஆனால் 60 சென்டிமீட்டர் சதுரத் தூண் கோட்டின் மேல் உட்கார்ந்து, இந்தக் கட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டிருந்தது. தூணை ஒட்டிக் கிடைத்த அகலம் 2.2 மீட்டர். என் ஸ்விஃப்ட்டின் அகலம் 1.735. நடுவில் நின்றால் இரு பக்கமும் 23 சென்டிமீட்டர். கதவு திறக்க முடியாத அளவு என்று எடுத்த எடுப்பில் தோன்றும். தூண் பாதைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 90 சென்டிமீட்டரில் தொடங்கி ஒன்றரை மீட்டரில் முடிந்தது.

முன்பக்கமாக நுழைந்தால் தூண் என் இடப்பக்கம், அதாவது அம்மா அமர்ந்திருக்கும் பக்கம். வண்டியின் மூக்கு சுவரிலிருந்து 40 சென்டிமீட்டரில் நின்றால், அவருடைய முன்கதவு தூணைத் தாண்டி உள்ளே போய்விடும், கதவு திறக்கும். ஆனால் அவர் வெளியே நடக்க வேண்டியது தூணுக்கும் வண்டிக்கும் இடையே உள்ள 23 சென்டிமீட்டர் வழியாக, அல்லது மூக்குக்கும் சுவருக்கும் இடையே உள்ள 40 சென்டிமீட்டர் வழியாக. முழங்கால் வலிக்காரருக்கு இரண்டும் நடக்காத காரியம். கதவு திறந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். இறங்கியவர் நடந்து போகும் வழியும் கணக்கில் சேரும்.

ரிவர்ஸில் நுழைந்தால் தூண் என் வலப்பக்கம் வருகிறது. அதாவது கண்ணாடியில் நன்றாகத் தெரியும் பக்கம், உள்வாங்கும் பின்சக்கரத்தின் பக்கம். ஐந்து மீட்டர் ஆழமுள்ள அந்தக் கட்டத்தில் டிக்கிக்கும் சுவருக்கும் 40 சென்டிமீட்டர் விட்டால், 3.86 மீட்டர் நீள வண்டியின் மூக்கு பாதைக் கோட்டிலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே நிற்கும். என் முன்கதவின் கீல் மூக்கிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் பின்னே இருப்பதால், கோட்டிலிருந்து 1.9 மீட்டரில் வருகிறது. தூண் ஒன்றரை மீட்டரிலேயே முடிந்துவிட்டது. ஆகவே தூண் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, கதவு முழுவதும் தூணுக்குப் பின்னால் திறக்கிறது. அங்கே என்ன இருக்கிறது? தூணின் 60 சென்டிமீட்டர் தடிமன் முழுவதும் அங்கே காலி. என் பக்கத்து 23 சென்டிமீட்டர், நடுவே தூணின் 60, அந்தப் பக்கத்துக்காரர் தூணிலிருந்து விட்ட இடம். எல்லாம் சேர்த்து ஒரு மீட்டர். அந்தத் தளத்திலேயே கதவை அகலத் திறக்க முடிந்த இடம், எல்லோரும் தவிர்த்த தூணுக்குப் பின்னால்தான் இருந்தது. அம்மாவின் பக்கம் கோட்டுக்கு 23 சென்டிமீட்டர், பக்கத்து வண்டி விட்டது 35, ஆக 58. அந்த வழி நேரே பாதைக்குத் திறந்திருந்தது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி நடந்தார். நான் மட்டும் தூணைத் தாண்டி முன்னே வர முடியாமல், டிக்கியைச் சுற்றி மறுபக்கமாக வந்தேன். சுவரோடு ஒட்டாமல் 40 சென்டிமீட்டர் விட்டதன் பயன் அதுதான்.

நுழைந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டத்தைத் தாண்டும்போதே மூக்கைச் சற்று இடப்பக்கம் விலக்கி, வண்டியைக் கோணலாக நிறுத்தினேன். அப்படிச் செய்தால் கட்டத்தின் வாய் வலக் கண்ணாடிக்குள் வந்துவிடும். கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பின்சக்கரம் தரையைத் தொடும் இடமும் தூணின் அடியும் ஒன்றாகத் தெரியும்படி வைத்தேன். பிரேக்கிலிருந்து காலை முழுதாக எடுக்காமல் வலப்பக்கம் ஒடித்துப் பின்னே வர, சக்கரத்துக்கும் தூணின் அடிக்கும் இடையே ஒரு சாண் இருக்கும்வரை தொடர்ந்தேன்; சாண் குறைந்தால் ஒடிப்பை ஒரு சுற்றுத் தளர்த்தினேன். பின்சக்கரம் தூணைத் தாண்டியதும் கண்ணை இடது முன் மூலைக்கு மாற்றினேன். வண்டி கோட்டுக்கு இணையாக வந்ததும் ஸ்டீயரிங் நேர். காவலாளி அப்போதுதான் வந்து, “இன்னும் வரலாம் சார்” என்று பின்னே கையாட்டினார். மறுத்துவிட்டேன்.

தூண் இன்னும் உள்ளே, கோட்டிலிருந்து இரண்டரை மூன்று மீட்டரில் நின்றிருந்தால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். அங்கே எந்தத் திசையில் நிறுத்தினாலும் முன்கதவின் கைப்பிடி முனை தூணுக்கு எதிரே வந்துவிடும். அப்படிப்பட்ட கட்டத்தில், தூண் இடப்பக்கம் வரும் திசையைத் தேர்ந்து, உடன் வந்தவர்களை முன்பே இறக்கிவிட்டு, தூணை ஒட்டி நிறுத்துவதே வழி. இடக் கண்ணாடியை மடக்கி, தூணிலிருந்து 12 சென்டிமீட்டரில் நின்றால், மேலே சொன்ன அதே 2.2 மீட்டரில் ஓட்டுநர் பக்கம் 34 மிஞ்சும்; பக்கத்து வண்டியின் 35 சேர்ந்தால் தாராளமாக இறங்கலாம். அந்தத் திசை முன்பக்கமாக நுழைவதாக இருந்தால், ரிவர்ஸே நல்லது என்ற பொதுவிதியை அன்றைக்கு ஒதுக்கிவைக்க வேண்டியதுதான்.

ரிவர்ஸை ஒதுக்க வேண்டிய வேறு சில நேரங்களும் உண்டு. தள்ளுவண்டி நிறையச் சாமான் வாங்கப் போகிறவர் டிக்கியைப் பாதையின் பக்கம் வைத்துக்கொள்வதே சரி. சுவரோடு ஒட்டிய டிக்கியை 40 சென்டிமீட்டரில் திறந்து அரிசி மூட்டையை ஏற்ற முடியாது. பின்சுவரில் குழாய்கள் ஓடும் கட்டமும் யோசிக்க வேண்டியது. தரைக்கீழ்த் தளத்தில் தீயணைப்புக் குழாய், ஹோஸ் பெட்டி, மின் பெட்டி எல்லாம் நெஞ்சு உயரத்தில் சுவரிலிருந்து நீட்டியிருக்கும். பின் பம்பரில் உள்ள சென்சார் முழங்கால் உயரத்தில் பார்க்கிறது; பின் கேமரா கீழ்நோக்கிப் பார்க்கிறது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேமராவின் கோடு இன்னும் அரை மீட்டர் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தபோதே என் வண்டியின் பின்கண்ணாடிக்கு மேலுள்ள ஸ்பாய்லர், சிவப்புப் பெட்டியின் மூலையில் டக்கென்று தட்டியது. பம்பருக்கும் சுவருக்கும் உண்மையிலேயே அரை மீட்டர் இருந்தது. கேமரா சொன்னதில் பிழையில்லை. அது பெட்டியைப் பார்க்கவில்லை, அவ்வளவே. அன்றிலிருந்து, புதிய தளத்தில் ரிவர்ஸ் போடும் முன் கட்டத்தைத் தாண்டும்போதே பின்சுவரை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

முன்பக்கமாக நுழைகிறவர்களுக்கும் தரையில் ஒரு பொறி இருக்கிறது: சக்கரத்தைத் தடுக்கும் சிமென்ட் கட்டை. முன் பம்பரின் அடிவிளிம்பு பின் பம்பரைவிடத் தாழ்வானது. கட்டை சற்று உயரமாக இருந்தால், சக்கரம் அதைத் தொடுவதற்கு முன்பே பம்பர் அதன் மேல் ஏறிப் படுத்துவிடும். ஏறும்போது லேசான உரசல் சத்தம்தான் கேட்கும். மூன்று மணி நேரம் கழித்து ரிவர்ஸ் போட்டு இழுக்கும்போதுதான், கட்டையின் பின்விளிம்பில் மாட்டிக்கொண்ட பம்பர் கிளிப்புகளோடு கழன்று முன்னால் தொங்கும்.